விடையைப் பார்த்துவிட்டு முனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

வித்தியாசத்தை ஒரு பக்கம் மட்டும் தேடும் ஒருமுனைச் சோதனையா, இரண்டு பக்கமும் தேடும் இருமுனைச் சோதனையா என்ற கேள்வி பெரும்பாலானவர்களுக்குத் தப்பான நேரத்தில்தான் வருகிறது. தரவு வந்து, கணக்குப் போட்டு, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு, வழக்கமான வரம்பான 0.05-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும்போது. அப்போது யாராவது ஒருவர் "நாம எதிர்பார்த்தது ஒரு பக்கம்தானே, ஒருமுனையா போட்டா பாதியாயிடுமே" என்பார். பாதியாகும்தான், ஆனால் அந்தப் பாதி பொய்.

ஒரு உதாரணத்தைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு இணையப் பக்கத்தின் பழைய வடிவமைப்பையும் புதியதையும் 100 பேரிடம் காட்டி, எது எளிது என்று கேட்கிறோம். இரண்டும் சமம் என்பது இன்மை எடுகோள், அதாவது ஆளுக்கு ஆள் நாணயம் சுண்டுவது போல. 59 பேர் புதியதைச் சொல்கிறார்கள்.

```python
from scipy.stats import binomtest
binomtest(59, 100, 0.5, alternative="two-sided").pvalue  # 0.0886
binomtest(59, 100, 0.5, alternative="greater").pvalue    # 0.0443
```

ஒரே தரவு, மாறியது ஒரு சொல் மட்டும், இப்போது 5 சதவீத வரம்புக்குள் வந்துவிட்டது. சரி, 59-க்குப் பதிலாக 41 பேர்தான் புதியதைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இதே கையால் `"less"` என்று எழுதி, அதே 0.0443-ஐ வாங்கி, பழையதே மேல் என்று அறிவித்திருப்பீர்கள். அப்படியானால் உங்கள் உண்மையான விதி "59 அல்லது அதற்கு மேல் வந்தாலும் சொல்வேன், 41 அல்லது அதற்குக் கீழே வந்தாலும் சொல்வேன்" என்பதுதான். இரண்டு வடிவமைப்பும் உண்மையில் சமமாக இருக்கும்போது இந்த விதி தவறாக மணி அடிக்கும் வாய்ப்பு 0.0443 + 0.0443, அதாவது 0.0886. அறிக்கையில் 5 சதவீதத்துக்குள் என்று எழுதியிருப்பீர்கள், நடந்தது கிட்டத்தட்ட 9 சதவீதம். நேர்மையான இருமுனைச் சோதனை இதே 100 பேரில் 61 அல்லது 39 வரை போகச் சொல்லும்.

பி-மதிப்பு என்பது கையில் இருக்கும் தரவை மட்டும் பார்த்துச் சொல்லும் எண் இல்லை. வராமல் போன தரவுக்கு நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. அதனால்தான் முடிவைப் பார்க்குமுன் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்கிறோம். பார்த்த பிறகு அந்த "என்ன செய்திருப்பேன்" என்பதற்கு யாராலும், மனசாட்சியோடு கூட, நம்பகமாகப் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு சின்னத் தவறு, மென்பொருள் கொடுத்த இருமுனை எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் வகுப்பது. புதியதே மேல் என்று முன்பே சொல்லிவிட்டு 41 வந்தால், உங்கள் ஒருமுனைப் பி-மதிப்பு 0.0443 இல்லை, 0.97.

சரி, முன்கூட்டியே ஒருமுனை என்று எழுதி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஒருமுனை என்றால், மறுபக்கத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் அதை வித்தியாசமே இல்லாததுபோல நடத்த ஒப்புக்கொள்கிறீர்கள். "மறுபக்கம் வராது என்று நினைக்கிறேன்" என்பது இதற்குப் போதுமான காரணம் இல்லை.

மாரடைப்புக்குப் பிறகு வரும் இதயத் துடிப்புக் கோளாறை அடக்கும் மருந்துகளைச் சோதித்த அமெரிக்காவின் காஸ்ட் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் மரணத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது, ஆய்வையும் முதலில் ஒருமுனையாகத்தான் திட்டமிட்டார்கள். கண்காணிப்புக் குழு, முடிவுகளைப் பார்க்குமுன்பே, தீங்கின் பக்கத்திலும் ஒரு எல்லைக்கோடு வேண்டும் என்றது. 1989-இல் என்கைனைட், ஃபிளெகைனைட் என்ற இரண்டு மருந்துகளையும் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. 1991-இல் வெளியான கணக்கில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்துதான் அந்த விடை வந்தது.

அப்போ ஒருமுனை எப்போதுதான் பொருந்தும்? மறுபக்க முடிவும் "வித்தியாசம் இல்லை" என்ற முடிவும் உங்களை ஒரே செயலுக்குத்தான் கொண்டுபோகும் என்றால். புதிய வடிவமைப்பு மேல் என்று தெரிந்தால் மாற்றுவோம், சமமானாலும் மோசமானாலும் பழையதையே வைத்திருப்போம், மோசம் என்று எங்கேயும் எழுதப் போவதும் இல்லை என்றால் ஒருமுனை நியாயம்தான். அதைத் தரவு சேர்க்குமுன் தேதி போட்டு, எந்தப் பக்கம், என்ன வரம்பு என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். மருந்து ஆய்வுகளில் ஒருமுனை வைத்தால் வரம்பையும் 0.025 ஆக்கிவிடுவது வழக்கம், அப்போது பாதியாக்கும் ஆசைக்கே இடமில்லை.

ஏற்கெனவே 59-ஐப் பார்த்துவிட்டீர்கள், எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால் 0.0886 என்றே எழுதுங்கள். புதியதுதான் மேல் என்று உண்மையாகவே நம்பினால், இப்போது பக்கத்தை எழுதி வைத்துவிட்டு வேறு 100 பேரிடம் கேளுங்கள். பழைய 100 பேரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர்கள்தானே உங்களுக்குப் பக்கத்தைக் காட்டிக் கொடுத்தார்கள்.