லீவு ஆட்டோ ரிப்ளைல பழைய தேதியே போயிட்டிருந்த கதை

லீவுக்கு முன்னாடி அவுட்லுக்ல ஆட்டோமேட்டிக் ரிப்ளை போட்டேன், 18ஆம் தேதி வருவேன், அவசரம்னா இந்த கலீகுக்கு மெயில் பண்ணுங்கன்னு. ஆபீஸ் ஆளுங்களுக்கு கரெக்டா போகுது, ஆனா கஸ்டமர்களுக்கு மட்டும் போன லீவு தேதியும், வேலைய விட்டே போயிட்ட ஒருத்தர் பேரும் போகுது!

மெசேஜை ரெண்டு தடவை மாத்தி சேவ் பண்ணேன், ஃபோன்லயும் பாத்தேன், பழைய ரூல் ஏதாவது ஓடுதான்னும் தேடினேன், ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் போச்சு.

கடைசில பாத்தா அந்த விண்டோல `Inside My Organization`, `Outside My Organization`னு ரெண்டு டேப் இருக்கு, ரெண்டுக்கும் டெக்ஸ்ட் தனித்தனி. நான் முதல் டேப்பை மட்டுமே திருத்திட்டிருந்தேன், ரெண்டாவதுல போன தடவை எழுதினது அப்படியே கெடந்துச்சு.

அதையும் திருத்திட்டு என் பர்சனல் ஐடில இருந்து டெஸ்ட் மெயில் போட்டா ரிப்ளையே வரல. ஏன்னா ஒரே ஆளுக்கு ஒரு தடவைதான் போகும், அந்த ஐடிக்கு முன்னாடியே பழசு போயிருச்சு. ஆட்டோ ரிப்ளைய ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணா யார் யாருக்கு போச்சுங்கிற கணக்கு புதுசா ஆரம்பிக்குது. பண்ணேன், அடுத்த டெஸ்ட்லயே புது தேதியும் சரியான பேரும் வந்துச்சு, பழசு வாங்கின கஸ்டமர்களுக்கும் இனி மெயில் போட்டா புதுசு போகும். அப்பாடா.