படுத்த இடத்திலிருந்தே விளக்கும் விசிறியும்: கடிகாரத்தில் ஒரு ஷார்ட்கட்

படுத்த பிறகுதான் கூடத்து விளக்கு எரிவது நினைவுக்கு வரும். கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் எழுந்து போக வேண்டாம். விளக்கும் விசிறியும் ஏற்கெனவே ஐபோனின் `Home` செயலியில் சேர்ந்து, அங்கிருந்து ஒழுங்காக இயங்க வேண்டும். அங்கே இயங்காதது கடிகாரத்திலும் இயங்காது.

செய்யப்போவது இதுதான்: ஒரே கட்டளையில் கூடத்து விளக்கு அணைய வேண்டும், படுக்கையறை விளக்கு 10 சதவீத ஒளிக்கு இறங்க வேண்டும், விசிறி 40 சதவீத வேகத்தில் சுழல வேண்டும்.

முதலில் ஐபோனில் `Shortcuts` செயலியைத் திறந்து, மேலே உள்ள + குறியைத் தொடுங்கள். தேடும் இடத்தில் `Home` என்று தட்டினால், `Control` என்று தொடங்கி உங்கள் வீட்டின் பெயரோடு ஒரு செயல் தெரியும். அதைச் சேர்த்து, மூன்று சாதனங்களையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நிலையை அமையுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். `Toggle` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது இருக்கும் நிலையைத் தலைகீழாக்கும். ஏற்கெனவே அணைந்திருந்த கூடத்து விளக்கு பளிச்சென்று எரியும். நானும் ஒரு நள்ளிரவில் அப்படி வீட்டையே எழுப்பியிருக்கிறேன். எப்போதும் திட்டவட்டமான நிலையையே கொடுங்கள். விசிறிக்கு வேக அளவு தெரியவில்லையா? சாதாரண விசிறியை ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருந்தால் போடலாம், அணைக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது பெயர். சிரியிடம் நீங்கள் சொல்லப்போவதும் அதுவே. `Turn off lights` என்று வைத்தால், சிரி அதைத் தனக்கே உரிய கட்டளையாக எடுத்துக்கொண்டு எல்லா விளக்குகளையும் அணைத்துவிடலாம். அன்றாடப் பேச்சில் வராத இரண்டு சொற்கள் போதும், என்னுடையது `Pillow Time`. பிறகு விவரப் பக்கத்தில் `Show on Apple Watch` என்பதை இயக்குங்கள்.

போனிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக நடந்த பிறகு, கடிகாரத்தின் பக்கத்துத் திருகை அழுத்திப் பிடித்து `Pillow Time` என்று சொல்லுங்கள். பேச முடியாத நேரத்துக்கு, கடிகார முகப்பை அழுத்திப் பிடித்து, `Edit` வழியாக இந்த ஷார்ட்கட்டை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம்.

வேலை செய்யாவிட்டால் திரையைப் பாருங்கள். சிரி கேட்ட சொற்கள் வேறாக இருந்தால், தவறு பெயரில், மாற்றிவிடுங்கள். சொற்கள் சரியாக இருந்தும் விளக்கு அசையவில்லை என்றால் `Home` செயலியைத் திறவுங்கள். அங்கே `No Response` என்றிருந்தால், பெரும்பாலும் யாரோ சுவரில் உள்ள சுவிட்சை அணைத்திருப்பார்கள். மின்சாரம் இல்லாத ஸ்மார்ட் பல்புக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேராது. வீட்டில் மட்டும் இயங்கி வெளியே போனால் இயங்காவிட்டால், காரணம் வேறு: வெளியிலிருந்து இயக்க, வீட்டில் ஒரு ஹோம்பாடோ ஆப்பிள் டிவியோ ஹோம் ஹப்பாக இருக்க வேண்டும்.