மண் வேலை கற்கத் தாயகம் செல்வோர் எந்த நூலை முதலில் படிக்கலாம்?

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது மண் வேலையையும் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, திருகையில் பானை வனையும் முறையைச் சொல்லும் ஆங்கில நூல் ஒன்றைத்தான். பெர்னார்ட் லீச் 1940-இல் வெளியிட்ட ‘எ பாட்டர்ஸ் புக்’ அவ்வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடி. இன்றும் படிக்கத் தகுந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி 1200 பாகை செல்சியசுக்கு மேல் சுடப்படும் கல்போன்ற கலங்களையும் அவற்றின் மேற்பூச்சையும் பற்றியது. நம் ஊர்ச் சூளையோ வைக்கோலும் வறட்டியும் விறகும் எரிந்து ஏறத்தாழ 700 முதல் 900 பாகை வரைதான் சூடேறும். அக்கலங்களுக்கு லீச் சொல்லும் பூச்சுக் கலவைகள் அந்தச் சூட்டில் உருகவே உருகா. ஊர்க் களிமண்ணை அவர் சொல்லும் சூட்டுக்குக் கொண்டுசென்றாலோ, அது உப்பிக் குலைந்துவிடும். ஆகவே அந்த நூலைப் பின்னாளுக்கு வைத்துக்கொண்டு, நீங்கள் தொடப்போகும் மண்ணுக்குப் பொருந்தும் நூலிலிருந்து தொடங்குவதே நல்லது.

என் தேர்வு இரண்டு நூல்கள். முதலாவது, பாலஸ் பெரென்சன் 1972-இல் எழுதிய ‘ஃபைண்டிங் ஒன்ஸ் வே வித் கிளே’. திருகை இல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் மண் உருண்டையில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக் கலம் ஆக்குவதை இந்நூல் படங்களோடு பொறுமையாகக் கற்பிக்கிறது. சுவரின் கனத்தை விரலால் அறிவதும், விளிம்பு வெடிக்கத் தொடங்குவதை முன்கூட்டியே உணர்வதும் இப்பயிற்சியில் கைக்கு வந்துவிடும். கடையில் கிடைக்கும் எந்தக் களிமண்ணிலும் வீட்டு மேசையிலேயே இதைச் செய்யலாம் என்பதால், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். விரல்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால், ஊரில் வேளார் எனப்படும் குயவர் ஒருவர் செய்துகாட்டும்போது அவர் கை என்ன செய்கிறது என்பது உங்கள் கண்ணுக்குப் பிடிபடும்.

இரண்டாவது, ஸ்டீபன் இங்கிலிஸ் எழுதி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சிற்றூர்க் கலையையும் வேளார்களின் வேலையையும் பற்றிய ஆய்வு நூல். இது செய்முறைக் கையேடு அன்று. மதுரை வட்டாரத்து வேளார்கள் ஐயனார் குதிரைகளையும் சாமி உருவங்களையும் செய்வதோடு ஊர்க்கோயில்களில் பூசாரிகளாகவும் இருப்பதை இது விளக்குகிறது. இதைப் படித்துவிட்டுச் சென்றால், குதிரை செய்யச் சொல்லும் ஊரார் வேளாரிடம் பிடிமண்ணாக ஒரு கைப்பிடி மண் கொடுப்பது ஏன் ஒரு சடங்காக நடக்கிறது என்பது புரியும். சூளைக்கருகே எதைத் தொடலாம், எதைக் கேட்டுவிட்டுத் தொடவேண்டும் என்ற உணர்வும் வரும். பழைய நூல் என்பதால் கடைகளில் தேடி நேரத்தை வீணாக்காமல், நீங்கள் வாழும் நாட்டின் பல்கலைக்கழக நூலகத்திலோ, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி சேரும் சென்னை கன்னிமாரா நூலகத்திலோ தேடுங்கள். ஸ்டீபன் ஹைலர் 1996-இல் வெளியிட்ட ‘கிஃப்ட்ஸ் ஆஃப் எர்த்’ இந்தியா முழுவதுமுள்ள சுடுமண் உருவங்களின் படங்கள் நிறைந்த நூல். அதை வீட்டில் பார்த்துவிட்டுச் செல்லலாம்.

நேரில் பார்ப்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சிறந்தது. நமணசமுத்திரம், இளங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உடைந்துபோன பழைய குதிரைகளை விலகிப்போகாமல் நின்று பாருங்கள். கால்கள் உள்ளீடற்ற குழாய்கள் என்பதும், உடல் அவற்றின்மேல் அடுக்கடுக்காக எழுப்பப்பட்டது என்பதும், சுவரின் கனம் எவ்வளவு என்பதும் அந்த உடைவுகளில்தான் தெரியும். அவை நேர்த்திக்கடனாக வந்தவை என்பதால் ஓட்டுத்துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. சென்னையை விட்டு வெகுதொலைவு செல்ல இயலாதவர்கள் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பானை வனைவதைப் பார்க்கலாம். லீச்சின் வழியில் உயர்சூட்டுக் கலங்களையே கற்க விரும்புகிறவர்களுக்கு ஏற்ற ஊர் புதுச்சேரி; ரே மீக்கரும் டெபோரா சுமித்தும் 1971-இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்துதான் அந்த மரபு பரவியது.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் உலராது, சூளையும் எரியாது. மார்கழியில் பொங்கல் பானை வேலை மும்முரமாக நடக்கும். அப்போது பார்க்கலாமே தவிர, கற்றுக்கொடுங்கள் என்று கேட்பது நியாயமாகாது.

இனி, ஒரு சாண் உயரக் குதிரை ஒன்றை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். வேளார் கலந்து வைத்திருக்கும் மண்ணிலேயே மணலும் உமியும் இருக்கும். அவை மண் சுருங்குவதைக் குறைத்து, ஈரம் வெளியேற வழிவிடுகின்றன. நீங்களே மண் கலப்பதானால், முதலில் ஒரு பட்டை செய்து அதில் 10 சென்டிமீட்டர் நீளக் கோடு கீறி உலர விடுங்கள். உலர்ந்தபின் கோடு 9 சென்டிமீட்டருக்கும் குறைந்திருந்தால் சுருக்கம் மிகுதி. இன்னும் மணல் சேர்க்க வேண்டும். பிறகு ஒரு விரல் கனத்தில் நான்கு குழாய்களைக் கால்களாகச் செய்து நிறுத்துங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமலும் நகத்தால் கீறினால் கோடு விழும்படியும் இறுகியபின், உடலின் எடையை அவை தாங்கும். ஒட்டுமிடங்களை இருபுறமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தி, வயிற்றையும் உள்ளீடற்றதாகவே எழுப்பி, அடியில் ஒரு துளை விடுங்கள்.

தொடக்கநிலையாளரின் குதிரை பெரும்பாலும் காலும் வயிறும் சேருமிடத்தில்தான் விரிசல் விடும். கால் முன்னதாகவே காய்ந்து சுருங்கிவிட்டிருக்க, ஈரமான உடல் அதன்மேல் அமர்ந்து பின்னர் தனியே சுருங்குவதே காரணம். உடலைச் செய்யும் வேளையில் கால்களை ஈரத்துணியால் சுற்றி வைத்தால் இரண்டும் ஒன்றாகக் காயும். அதன்பின் வெயில் படாமல் நிழலில் உலர்த்துங்கள். உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளைக்குள் போனால் நீராவி மண்ணைப் பிளந்துவிடும். அருகில் இருக்கும் பிறர் கலங்களும் உடையக்கூடும். அதனால் வேளார் இன்னும் இரண்டு நாள் பொறு என்றால் பொறுக்கத்தான் வேண்டும். உலர்வதற்கும் சூளை நிறைவதற்கும் சேர்த்து இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம் என்பதால், பயணத்தின் முதல் வாரத்திலேயே உருவத்தைச் செய்துவிடுங்கள்.

திரும்பும்போது சுடாத மண்ணை எடுத்துவர வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அனுமதியின்றி மண்ணை உள்ளே விடுவதில்லை. சுட்ட குதிரையையும் ஒட்டிய புழுதி போகத் துலக்கி, வைக்கோலைத் தவிர்த்துத் துணியில் சுற்றுங்கள். காலும் காதும்தான் முதலில் உடையும். வயிற்றுக்குள்ளும் கால்களுக்கிடையிலும் துணி திணித்து, கைப்பெட்டியில் வையுங்கள். சுங்கத்தில் கேட்டால் சுடுமண் பொருள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.