அட்சய திருதியைச் சலுகையை ஒரே கழித்தலில் சோதிக்கலாம்

மட்டக்களப்பில் நகைக்கடைப் பலகையில் "செய்கூலி இல்லை" என்று கண்டால், கழிவு எவ்வளவு என்று கேட்காதீர்கள். பில்லின் மொத்தத் தொகையைக் கேளுங்கள். அதிலிருந்து நகையின் நிறைக்கு அன்றைய கொழும்பு செட்டியார் தெரு 22 கரட் விலையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கடைக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான கூலி.

தங்கத்தின் அடக்கவிலை எல்லாக் கடைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் செய்கூலியில் விட்டதைச் சேதாரத்திலோ பவுன் விலையிலோ ஏற்றிவிட முடியும்.

கணக்குக்காக, செட்டியார் தெருவில் பவுன் 3,00,000 ரூபா என்று வையுங்கள். இரண்டு பவுன் சங்கிலி. சலுகைக் கடை பவுனை 3,06,000 என்று போட்டு, 8 சதவீதம் சேதாரம் சேர்த்தால் மொத்தம் 6,60,960. பலகையே வைக்காத பக்கத்துக் கடை செட்டியார் தெரு விலையில் 5 சதவீதச் சேதாரமும் 15,000 கூலியும் எடுத்தால் 6,45,000. சரி, "இலவசம்" எங்கே போனது? கூலியாக அங்கே 60,960, இங்கே 45,000. இரண்டு விலையையும் ஒரே நாளில் கேட்க வேண்டும், விலை அடுத்த நாளே மாறிவிடும்.

கல் வைத்த நகைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கல்லின் நிறையையும் விலையையும் முதலில் தனியாக எழுதி வாங்குங்கள். பழைய நகையை மாற்றும்போதும் அப்படித்தான், அதை எடுக்கும் விலையிலேயே சலுகையைச் சரிக்கட்டிவிடலாம்.