ரியாக்‌ஷன் வீடியோ: மூலையில் சின்னக் கட்டத்தில் முகத்தை வைப்பது எப்படி?

டிரெய்லர் பெரிதாக ஓடும், மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் நம் முகம் தெரியும். அந்த அமைப்பைக் கம்ப்யூட்டரில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பை வைத்துச் செய்யும் முறைதான் இது. உண்மையில் கட்டத்தை மூலையில் உட்கார வைப்பது நாலு எண்களைத் தட்டும் வேலை. டிரெய்லரில் அந்த ஷாட் வரும்போதே முகமும் மாற வேண்டும், அரை நொடி பிந்தினாலும் பார்க்கிறவருக்கு நடிப்பு மாதிரித் தெரிந்துவிடும், அதனால் ஷூட் பண்ணும்போதே இரண்டையும் பொருத்துவதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய விஷயம்.

ஷூட்டிங்

டிரெய்லரை இணையத்தில் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், நடுவில் நின்று நின்று ஓடினால் பிறகு பொருந்தவே பொருந்தாது. எடிட்டிங்கில் போடப்போகும் அதே கோப்பைக் கம்ப்யூட்டரில் ஏதாவது பிளேயரில் திறந்து ஓட்டுங்கள். காதில் ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் ஓடினால் அந்தச் சத்தம் போன் மைக்கிலும் பதிவாகி, எடிட்டிங்கில் ஒரிஜினல் சத்தத்தோடு சேர்ந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும்.

போனைப் படுக்கைவாட்டில், 1080p, 30 பிரேமில் வையுங்கள். கட்டம் வலது பக்கம் வரப்போகிறது என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்க்க மானிட்டருக்கு இடது பக்கம் போன் இருக்கட்டும். அப்போதுதான் உங்கள் பார்வை படத்தை நோக்கி இருக்கும், மாற்றி வைத்தால் டிரெய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பது போல ஆகிவிடும். (சில போன்களில் செல்ஃபி கேமரா இடவலம் மாற்றிப் பதியும், முதலில் ஒரு சின்ன டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.)

இப்போது அந்த அடையாளம். போன் ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிட்டு, ஸ்பேஸ் பாரை 'டக்'கென்று சத்தம் வரும்படி தட்டி டிரெய்லரை ஓடவிடுங்கள். நடுவில் நிறுத்திப் பேச வேண்டுமா, மறுபடியும் அதே டக். தொடரும்போதும் டக். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் போன் ஆடியோவில் கூர்மையான முள் போலத் தெரியும், எடிட்டிங்கில் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகப் போகிறோம்.

எடிட்டிங்குக்கு முன்

போன்கள் பெரும்பாலும் நிலையில்லாத பிரேம் வேகத்தில் பதியும். தொடக்கத்தில் உதடும் குரலும் ஒட்டியிருந்து, போகப்போக விலகினால் காரணம் இதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முக வீடியோவைத் திறந்து, Video பகுதியில் 30-ஐயும் Constant Framerate-ஐயும் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிசால்வில் புது ப்ராஜெக்ட் திறந்ததும் வலது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, 1920 x 1080, 30 பிரேம் என்று வையுங்கள். டைம்லைனில் கிளிப் ஏறிய பிறகு பிரேம் வேகத்தை மாற்ற விடாது, அதனால் இது முதலில். பிரேம் வேகத்தை மாற்றவா என்று கேட்டால் Don't Change.

பொருத்துவது

Edit பக்கத்தில் டிரெய்லர் V1-இல், முகம் V3-இல். V2 காலியாக இருக்கட்டும், பார்டருக்கு வேண்டும். முகத்தின் ஆடியோவைப் பெரிதாக்கி முதல் முள்ளைக் கண்டுபிடியுங்கள், டிரெய்லரின் முதல் பிரேமை அதற்கு நேராக இழுத்து வையுங்கள். ஒன்றிரண்டு பிரேம் தள்ளியிருப்பது போலத் தோன்றினால் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து காற்புள்ளி, முற்றுப்புள்ளி கீகளைத் தட்டினால் பிரேம் பிரேமாக நகரும்.

நிறுத்திய இடங்களுக்கு ஓர் உதாரணம். டிரெய்லர் 2 நிமிடம் 30 நொடி, 48-வது நொடியில் நிறுத்தி 32 நொடி பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது முள் இருக்கும் 48-வது நொடியில் V1-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+B போட்டு வெட்டுங்கள். மிச்ச டிரெய்லரை மூன்றாவது முள்ளுக்கு, அதாவது 1:20-க்குத் தள்ளுங்கள். மொத்தம் 3:02 ஆகும். நடுவில் விழும் வெற்றிடத்தை எப்படி நிரப்புவது? நிரப்பவே வேண்டாம், அந்த 32 நொடியில் முகத்தை முழுத்திரையில் காட்டிவிடலாம். உறைந்துபோன டிரெய்லர் படத்தின் மூலையில் குட்டி முகம் பேசிக்கொண்டிருப்பதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. முக கிளிப்பையும் அதே இரண்டு இடங்களில் வெட்டி வையுங்கள்.

கட்டம்

முதல் துண்டைத் தேர்ந்தெடுத்து Inspector-ஐத் திறங்கள். அகலமான கட்டம் படத்தில் நிறைய இடத்தைத் தின்னும், முகத்துக்குச் சதுரமே போதும். Cropping-இல் இடமும் வலமும் 420 வெட்டினால் 1080-க்கு 1080 சதுரம் கிடைக்கும். பிறகு:

```
Zoom X, Y    0.30
Position X   758
Position Y   -288
```

சதுரம் 324 பிக்சலாகச் சுருங்கும், அதில் பாதி 162. திரையின் நடுவிலிருந்து வலது ஓரம் 960, அதில் 40 இடைவெளியையும் 162-ஐயும் கழித்தால் 758. கீழே மட்டும் 90 இடைவெளி விட்டிருக்கிறேன், 540-இல் 90-உம் 162-உம் போனால் 288. யூடியூபில் கீழே ஓடும் சிவப்புக் கோடும் பொத்தான்களும் தாடையில் ஏறாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல் இடம். வலது மேல் மூலைக்குப் போகலாமே என்றால் அங்கே கார்டுக்கான குறி வந்து நிற்கும். டிரெய்லரில் சப்டைட்டில் அகலமாக வந்து கட்டத்தில் முட்டினால் மட்டும் மேலே ஏற்றுங்கள், அப்போது Y-யில் கழித்தல் குறியை எடுத்தால் போதும்.

பார்டருக்கு Effects-இல் Generators-க்குள் இருக்கும் Solid Color-ஐ எடுத்து V2-இல் போட்டு, வீடியோ முடியும்வரை நீட்டி, வெள்ளை நிறம் கொடுங்கள். அதற்கும் அதே Cropping, அதே Position, Zoom மட்டும் 0.31. நாலு பக்கமும் ஐந்து பிக்சல் அளவுக்கு வெள்ளை எட்டிப் பார்க்கும். அது இல்லாவிட்டால் இருட்டுக் காட்சிகளில் கட்டத்தின் விளிம்பு எங்கே என்றே தெரியாது.

இனி முதல் துண்டில் Ctrl+C, முழுத்திரைக்குப் பிறகு வரும் துண்டில் Alt+V. வரும் பட்டியலில் Zoom, Position, Crop டிக் செய்யுங்கள். நடுத்துண்டைத் தொடவே வேண்டாம், அது முழுத்திரையாகவே இருக்கிறது, பார்டரையும் அதுவே மறைத்துவிடும்.

சத்தம்

நீங்கள் பேசும் இடத்தில் டிரெய்லர் சத்தம் இறங்க வேண்டும். டிரெய்லர் ஆடியோவின் மேல் ஓடும் வால்யூம் கோட்டில் Alt-ஐ அழுத்திக்கொண்டு பேச்சுக்கு முன்னால் இரண்டு புள்ளி, பின்னால் இரண்டு புள்ளி வைத்து நடுப்பகுதியைக் கீழே இழுங்கள். நான் -15 டெசிபெல் பக்கம் வைப்பேன், வசனமே இல்லாத இசைப் பகுதி என்றால் இன்னும் கொஞ்சம். அப்புறம், ஸ்பேஸ் பார் சத்தங்களை வெட்டி மௌனமாக்க மறந்துவிடாதீர்கள், ஹெட்போனில் கேட்கிறவருக்கு அது சுத்தி அடி.

Deliver பக்கத்தில் YouTube 1080p-ஐத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்து, முதலில் போனில் ஓட்டிப் பாருங்கள். கண் எங்கே பார்க்கிறது என்று அந்தச் சின்னத் திரையிலும் தெரிந்தால் கட்டத்தின் அளவு சரி, தெரியாவிட்டால் Zoom-ஐ 0.35 ஆக்கிவிட்டு மேலே சொன்ன கணக்கையே மறுபடி போடுங்கள். முகத்தை மூலையில் போட்டுவிட்டால் காப்பிரைட் பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். யூடியூபின் கண்டெண்ட் ஐடி படத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஒலியையும் ஒப்பிடும்.