வட்ஸ்அப் வரியை அறிவித்தல் ஆக்க

வகுப்பாசிரியர் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு அவசரத்தில் அனுப்புவது இப்படி இருக்கும்: "வசதிக் கட்டணம் கன பேர் கட்டேல்லை. நாளைக்குள்ள கட்டுங்கோ, இல்லாட்டி பேர் வாசிப்பம்."

முதலில் இதிலுள்ள தகவலை மட்டும் பிரித்தெடுங்கள்: என்ன கட்டணம், எவ்வளவு, எப்போது, எங்கே. தொகை விடுபட்டிருப்பது அப்போதுதான் தெரியும். 'நாளை' என்பதையும் திகதியாக மாற்றுங்கள். மறுநாள் வாசிப்பவருக்கு அது வேறு நாள். மிரட்டலை எடுத்துவிட்டு, கட்ட முடியாதவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களே, தரம் 7 மாணவர்களுக்கான வசதிக் கட்டணம் ரூபா … ஐ இம்மாதம் 14ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்கு முன்னர் பாடசாலை அலுவலகத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கனவே செலுத்தியிருந்தால் இதனைப் பொருட்படுத்த வேண்டாம். சிரமம் உள்ளவர்கள் வகுப்பாசிரியருடன் தனியாகக் கதைக்கலாம்."

'ஏற்கனவே' என்ற வரியை விட்டால், கட்டியவர்கள்தான் முதலில் கோபப்படுவார்கள்.

ஒரு பிள்ளையின் பாடசாலை வரவு பற்றிய செய்தியைக் குழுவில் போடவே வேண்டாம், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள். "ஏன் அனுப்பேல்லை?" என்பதற்குப் பதிலாக, "திங்கள், செவ்வாய் ஆகிய நாட்களில் மகள் சமூகமளிக்கவில்லை. சுகவீனமா என அறியத்தாருங்கள்" என்றால் போதும்.

விளையாட்டுப் போட்டிக்கு அழைக்கும்போது 'கட்டாயம் வரோணும்' என்பதை 'அன்புடன் அழைக்கிறோம்' ஆக்குங்கள். தொடங்கும் நேரத்தை மறக்காதீர்கள், அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.