உணவுத் தொழில்நுட்ப ரெசுமேக்குப் புள்ளி போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து உணவுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேர்வு செய்து கொடுக்கிறேன். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வரும் ரெசுமேக்களுக்குப் புள்ளி போடப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, புகைப்படம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

‘ஆடிட்’ என்ற சொல்லுக்கே புள்ளி கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஆடிட்டுக்கு 40, சுகாதாரத் தரங்களுக்கு 40, கல்விக்கும் ஆய்வகத்துக்கும் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாஸ் தொழிற்சாலையில் புதிய சுவைகளை உருவாக்கியவர். ‘திறன்கள்’ பகுதியில் ஜிஎம்பி, ஹாசப், ஐஎஸ்ஓ 22000 என்று உணவுப் பாதுகாப்புத் தரங்களின் பெயர்களும் ஆடிட்டும் வரிசையாக இருக்கின்றன. இன்னொருவர் தோட்டத்துப் பிள்ளை, தேங்காய்ப்பால் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ‘உற்பத்தி லைன் ஓடுவதற்கு முன் சுத்தம் பார்க்க ஸ்வாப் எடுத்தேன், மெஸ்தி சான்றிதழ்ச் சோதனைக்கு வந்த சுகாதார அமைச்சு அதிகாரிகளுடன் சுற்றினேன், அவர்கள் சொன்ன குறைகளைச் சரிசெய்து பதிவு வைத்தேன், பக்கத்து லைனின் ஜிஎம்பி சோதனையும் பார்த்தேன்’ என்று மலாயில் எழுதியிருக்கிறார். புதியவர் போட்ட புள்ளி: முதலாமவருக்கு 88, இவருக்கு 46.

ஆடிட் அனுபவம் ஒரே மாதிரியானது இல்லை. ஆடிட்டர் வரும்போது கூட நின்று பதில் சொன்னால் 10 வரை. வேறு பிரிவைத் தானே போய் ஆடிட் செய்திருந்தால் மேலும் 15 வரை. தன் வேலையைத் தானே ஆடிட் செய்தது இதில் சேராது. கண்டுபிடித்த குறைக்குக் காரணம் தேடித் திருத்தி, அது மறுபடி வரவில்லை என்று சோதித்து முடித்திருந்தால் இன்னும் 15 வரை. இப்படிப் பிரித்தால் சாஸ்காரருக்கு ஆடிட்டில் 8, தேங்காய்ப்பால்காரருக்கு 8, 8, 12 என்று 28. சுகாதாரத்தையும் செய்த வேலையை வைத்து அளந்தபோது மொத்தம் 42க்கு 74 என்று தலைகீழாக மாறியது.

முதலாமவரை எடுத்திருந்தால் என்ன ஆகும்? அடுத்த ஆடிட்டில் குறை அறிக்கை கைக்கு வரும். ‘ஊழியருக்கு மறுபயிற்சி கொடுத்தோம்’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார். அதே குறை அடுத்த ஆடிட்டிலும் நிற்கும், சான்றிதழே ஆட்டம் காணும்.

சந்தேகம் இருந்தால் ஃபோனில் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘கடைசியாக நீங்கள் முடித்த குறை என்ன, திரும்ப வரவில்லை என்று எப்படித் தெரிந்தது?’ செய்தவர் இடத்தையும் கருவியையும் சொல்வார். ‘கன்வேயர் அடியில் தண்ணீர் தேங்கியது, சரிவை மாற்றினோம், அப்புறம் சில வாரம் ஸ்வாப் எடுத்தோம்’ என்று வரும். செய்யாதவர் தரத்தின் விளக்கத்தை ஒப்பிப்பார்.

பயிற்சிச் சான்றிதழை அனுபவமாக எண்ணுவது

இரண்டு நாள் ஹாசப் வகுப்பு அறிமுகம் மட்டுமே. எந்தக் கட்டத்தில் எந்த வெப்ப வரம்பைக் கண்காணித்தார், அது தவறியபோது அந்தச் சரக்கை என்ன செய்தார் என்று இருந்தால் புள்ளி கொடுங்கள்.

மெஸ்தியைக் குறைவாக மதிப்பது

அதுவும் சுகாதார அமைச்சின் சான்றிதழ்தான், எண்ணுங்கள்.

ஹலால் ஆவணத்தை ஆடிட் கணக்கில் போடுவது

விண்ணப்பப் படிவம் நிரப்பியதற்குப் புள்ளி இல்லை. உள் ஹலால் தணிக்கை செய்திருந்தால் உண்டு.